சப்ளையர் மெஷினைத் தாமதப்படுத்தினால் புகார்க் கடிதம் எழுதுவது எப்படி?

கேள்வி: "அண்ணா, காவேரிப்பட்டணம் பக்கத்தில் சின்னதாக மாங்கூழ் ஆலை வைத்திருக்கிறோம். கோயம்புத்தூர் சப்ளையர் ஒருவரிடம் பல்ப்பர் மெஷினுக்கு 12,40,000 ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்து, 40% அட்வான்ஸை பிப்ரவரி 17 அன்று அனுப்பிவிட்டோம். பத்து வாரத்தில் தருவதாகப் பேச்சு. ஏப்ரல் 28 போய் மே கடைசி வாரமும் வரப்போகிறது. கேட்டால் 'கியர்பாக்ஸ் வரல, அடுத்த வாரம் ஏத்திடறோம்' என்கிறார்கள். எங்களுக்கு மெஷினும் வேண்டும், தாமதத்துக்குப் பிடித்தமும் செய்ய வேண்டும். முறையாக எப்படிக் கடிதம் எழுதுவது? பர்ச்சேஸ் ஆர்டர் நகலும், கொட்டேஷன், டிராயிங் ஒப்புதல் மெயில்களும் இணைத்திருக்கிறேன்."

கடிதத்தில் கெடு தேதியை ஏப்ரல் 28 என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஆர்டரின் 4-ஆம் பிரிவை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "அட்வான்ஸ் பெற்ற நாள், டிராயிங்குக்கு ஒப்புதல் பெற்ற நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 வாரம்" என்று இருக்கிறது. அட்வான்ஸ் போனது பிப்ரவரி 17. டிராயிங்கில் கையெழுத்துப் போட்டு நீங்கள் மெயில் அனுப்பியது பிப்ரவரி 24. அங்கிருந்து 70 நாள் எண்ணினால் மே 5 வருகிறது. அதுதான் ஒப்பந்தப்படி கெடு.

ஒரு வாரம்தானே என்று நினைக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு தேடுவதே இப்படி ஒரு ஓட்டையைத்தான். நீங்கள் ஏப்ரல் 28 என்று எழுதினால், வருகிற பதிலில் முக்கால் பக்கம் டிராயிங் ஒப்புதல் பற்றித்தான் இருக்கும். உங்கள் கணக்கே தப்பு, தாமதம் உங்களால்தான் என்று பேச்சு திரும்பிவிடும். மே 5 என்று நீங்களே எழுதி, அதற்கான இரண்டு தேதிகளையும் காட்டிவிட்டால் அந்த வாசல் அடைபட்டுவிடும். ஓசூரில் பர்ச்சேஸ் வேலை பார்த்த வருஷங்களில் நான் பார்த்த தாமதச் சண்டைகளில் பெரும்பாலானவை பணத்தில் தொடங்கவில்லை, கெடு எது என்பதில்தான் தொடங்கின. ஆர்டருக்குப் பிறகு மோட்டார் குதிரைத்திறனையோ, சல்லடை அளவையோ மாற்றச் சொல்லி நீங்கள் ஏதாவது மெயில் போட்டிருந்தால் அதையும் இப்போதே தேடி எடுங்கள். அப்படி ஒன்று இருந்தால் கெடு இன்னும் தள்ளிப்போயிருக்கலாம். இல்லை என்றால் மே 5 உறுதி.

அடுத்து 7-ஆம் பிரிவு, தாமத இழப்பீடு. முழுதாக முடிந்த ஒவ்வொரு வாரத்துக்கும் வரி நீங்கலான ஆர்டர் மதிப்பில் 1%, மொத்தம் 5%-க்கு மேல் போகாது, சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. 12,40,000-இல் 1% என்பது 12,400 ரூபாய். மே 26 அன்று கடிதம் எழுதினால் மூன்று வாரம் முடிந்திருக்கும், 37,200 ரூபாய். ஜூன் 9 அன்று ஐந்து வாரம் முடிந்து 62,000 ரூபாயில் நின்றுவிடும். அதற்குப் பிறகு சப்ளையர் எத்தனை வாரம் இழுத்தாலும் இந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறாது. ஆகவே நீங்கள் கொடுக்கும் கடைசிக் கெடு ஜூன் 9-க்கு முன்னால் இருக்க வேண்டும். 12-ஆம் பிரிவு, தாமதம் நான்கு வாரத்தைத் தாண்டினால் எழுத்து மூலம் ஆர்டரை ரத்து செய்து அட்வான்ஸைத் திரும்பப் பெறும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. நான்கு வாரம் ஜூன் 2 அன்று முடிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஜூன் 5 சரியான நாள். அன்று ரத்து செய்யும் உரிமை உங்கள் கையில் இருக்கும், இழப்பீடும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் வாட்ஸ்அப் பேச்சு. "சரி சார், அடுத்த வாரமாவது அனுப்பிடுங்க" என்று ஏதாவது எழுதியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 55, இந்த இடத்தில் கறாரானது. நேரம் முக்கியமாக இருக்கும் ஒப்பந்தத்தில், பேசிய நாளுக்குப் பிறகு வந்த பொருளை நீங்கள் ஏற்றுக்கொண்டால் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும் அந்த நேரத்திலேயே "இழப்பீடு கேட்பேன்" என்று தெரிவித்திருந்தால் மட்டும் கேட்கலாம். ஒன்றும் சொல்லாமல் மெஷினை இறக்கி, ஓட்டிப் பார்த்து, சீசன் முடிந்த பிறகு பாக்கிப் பணத்தில் 62,000 பிடித்தால், சப்ளையரின் வக்கீல் நேராக இந்தப் பிரிவைத்தான் எடுப்பார்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. ஓஎன்ஜிசி நிறுவனத்துக்கும் சா பைப்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு, உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. அதுவும் தாமதமான சப்ளைதான், கிணறுகளுக்கான குழாய்கள். ஐரோப்பாவில் உருக்காலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம், மூலப்பொருள் வரவில்லை, அவகாசம் வேண்டும் என்று சப்ளையர் கேட்டார். ஓஎன்ஜிசி அவகாசம் கொடுத்தது. ஆனால் கொடுக்கும்போதே, ஒப்பந்தப்படியான தாமத இழப்பீட்டைப் பிடித்துக்கொள்வோம் என்று எழுத்தில் சொல்லிவிட்டது. பிறகு பிடித்தது, உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. உங்கள் கடிதம் செய்ய வேண்டியதும் இதேதான். மெஷின் வேண்டும் என்பதால் அவகாசம் கொடுக்கிறீர்கள், அதே மூச்சில் உரிமையை விட்டுத்தரவில்லை என்றும் சொல்கிறீர்கள்.

கியர்பாக்ஸ் வரவில்லை என்பதற்கு என்ன பதில் சொல்வது? 11-ஆம் பிரிவில் எதிர்பாராத தடைகள் என்று வெள்ளம், தீ, வேலைநிறுத்தம், அரசு உத்தரவு ஆகியவை இருக்கின்றன. அவர் வாங்கும் உதிரிபாகம் தாமதமாவது அதில் இல்லை. தடை ஏற்பட்டால் ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்களுக்கு அப்படி எந்தக் கடிதமும் வரவில்லை, போனில்தான் சொன்னார்கள். இது கடிதத்தில் ஒரு பத்திக்கு மேல் தேவையில்லை. நீட்டினால் விவாதத்துக்கு அழைப்பு வைத்தது போல ஆகிவிடும்.

தமிழிலேயே எழுதலாம், இருவருக்கும் புரியும் மொழிதானே. ஆர்டர் ஆங்கிலத்தில் இருப்பதால், பிரிவுகளின் முக்கிய வாசகத்தை மட்டும் அதில் உள்ளபடியே ஒரு எழுத்து மாறாமல் எடுத்து இணைப்பில் வையுங்கள். ஆலையின் லெட்டர்ஹெட்டில் இப்படி எழுதலாம்:

நாள்: மே 26
விரைவுத் தபால் மற்றும் மின்னஞ்சல் வழியாக

பெறுநர்: நிர்வாகப் பங்குதாரர், (சப்ளையர் நிறுவனம், ஆர்டரில் உள்ள முகவரி)

பொருள்: எங்கள் பர்ச்சேஸ் ஆர்டர் எண் (...) – பல்ப்பர் மெஷின் ஒன்று – டெலிவரி தாமதம் – கடைசிக் கெடுவும் உரிமைகளைக் காத்துக்கொள்ளும் அறிவிப்பும்

ஐயா,

மேற்கண்ட ஆர்டரின்படி பல்ப்பர் மெஷின் ஒன்றை, வரி நீங்கலாக 12,40,000 ரூபாய்க்கு, எங்கள் காவேரிப்பட்டணம் ஆலையில் சப்ளை செய்ய ஒப்புக்கொண்டீர்கள். அட்வான்ஸ் தொகை 4,96,000 ரூபாய் பிப்ரவரி 17 அன்று உங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. டிராயிங்குக்கு எங்கள் ஒப்புதல் பிப்ரவரி 24 அன்று மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது. பிரிவு 4-இன்படி டெலிவரிக்கான கெடு மே 5. இன்றுவரை மெஷின் வரவில்லை. மூன்று முழு வாரங்கள் கடந்துவிட்டன.

கொள்முதல், மாம்பழ சீசனுக்காகவே என்பது உங்களுக்கு ஆர்டரின்போதே தெரியும். "சீசனுக்கு முன் இன்ஸ்டால் செய்து தருகிறோம்" என்று உங்கள் கொட்டேஷன் மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த ஒப்பந்தத்தில் நேரம் மிக முக்கியமானது.

கியர்பாக்ஸ் வரவில்லை என்று தொலைபேசியில் தெரிவித்தீர்கள். அது பிரிவு 11-இல் கூறிய தடைகளில் சேராது. அந்தப் பிரிவு கேட்கும் எழுத்துபூர்வ அறிவிப்பும் எங்களுக்குத் தரப்படவில்லை.

பிரிவு 7-இன்படி இன்றைய தேதியில் தாமத இழப்பீடு 37,200 ரூபாய் (12,40,000 ரூபாயில் வாரத்துக்கு 1%, மூன்று வாரம்). டெலிவரி வரை இது பிரிவு 7-இன் உச்சவரம்புக்கு உட்பட்டு உயரும்.

ஆகவே:

ஜூன் 5 மாலை 5 மணிக்குள் மெஷினை எங்கள் ஆலையில் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறோம். இதுவே கடைசிக் கெடு. அனுப்பும் நாள், வாகன எண், இன்ஸ்டால் செய்ய வரும் பணியாளர் விவரம் ஆகியவற்றை மே 30-க்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

அதற்குள் மெஷின் வந்தால், அன்றுவரை சேர்ந்த தாமத இழப்பீட்டைப் பாக்கித் தொகையில் கழித்துக்கொண்டு மீதியைச் செலுத்துவோம்.

வராவிட்டால், பிரிவு 12-இன்படி ஆர்டரை ரத்து செய்து, அட்வான்ஸ் 4,96,000 ரூபாயை வட்டியுடன் திரும்பக் கோருவோம். வேறு இடத்தில் வாங்குவதால் ஏற்படும் கூடுதல் செலவையும் கோருவோம்.

இந்த அவகாசமோ, இதற்கு முன் நடந்த தொலைபேசி, வாட்ஸ்அப் உரையாடல்களோ மே 5 என்ற கெடுவை மாற்றியதாகவோ எங்கள் உரிமைகளைக் கைவிட்டதாகவோ ஆகாது. மெஷினைப் பின்னர் ஏற்றுக்கொண்டாலும் தாமதத்துக்கான இழப்பீட்டைக் கோருவோம் என்பதை இதன்மூலம் அறிவிக்கிறோம்.

இப்படிக்கு,
(கையெழுத்து, பெயர், பொறுப்பு, முத்திரை)

இணைப்பு: ஆர்டர் நகல், பிரிவுகள் 4, 7, 11, 12-இன் வாசகம், அட்வான்ஸ் வங்கிச் சான்று, டிராயிங் ஒப்புதல் மின்னஞ்சல், கொட்டேஷன் மின்னஞ்சல்

கடிதம் அவ்வளவுதான். கடைசிப் பத்தியை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். 55-ஆம் பிரிவு கேட்கும் அறிவிப்பு அதுதான். வாட்ஸ்அப்பில் நீங்கள் "அடுத்த வாரம் அனுப்புங்க" என்று எழுதியதைச் சமாளிப்பதும் அதுதான். ஒருவேளை நீங்கள் "மே 20 வரைக்கும் பரவாயில்லை" என்று தேதி போட்டே ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது கெடு மே 20-க்கு நீட்டப்பட்டது என்று அவர்கள் சொல்ல இடமிருக்கிறது, கணக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். அனுப்புவதற்கு முன் பழைய மெசேஜை எல்லாம் ஒருமுறை படித்துவிடுங்கள். எதையும் அழிக்க வேண்டாம், அந்த போனையும் மாற்ற வேண்டாம்.

இந்தக் கடிதத்தில் நான் வேண்டுமென்றே விட்டது ஒன்று உண்டு, சீசன் நஷ்டம். பல்ப்பர் இல்லாததால் தோத்தாபுரி வரத்தைத் திருப்பி அனுப்பினோம், இத்தனை லட்சம் போச்சு என்று எழுத உங்களுக்கு ஆத்திரம் வரும், நியாயம்தான். ஆனால் தாமதத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே தொகை பேசிவிட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74-இன்படி அந்தத் தொகைதான் கூரை. அதற்குள் நியாயமானது கிடைக்கும், அதற்கு மேல் கிடைக்காது. எட்டு லட்சம் கேட்டு எழுதினால் 62,000-க்கான உறுதியான கோரிக்கையும் சேர்ந்து மிரட்டல் மாதிரித் தெரியும். ஆனாலும் நஷ்டத்துக்கான காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். பக்கத்து ஆலையில் கூலிக்கு அரைத்திருந்தால் அந்த பில், திருப்பி அனுப்பிய லோடுக்கான எடைச் சீட்டு, உங்களிடம் பல்ப் கேட்டவர்களின் ஆர்டர் எல்லாம் தேவைப்படும். "உங்களுக்கு நஷ்டமே இல்லையே, எதுக்கு 5%?" என்று நாளை வாதாடினால் காட்ட அவைதான் இருக்கும். மெஷின் வரவே இல்லை என்றால் கதை வேறு. அப்போது பிரச்சினை தாமதம் இல்லை, சப்ளையே செய்யாதது. அட்வான்ஸும், வேறு இடத்தில் வாங்கிய விலை வித்தியாசமும் தனியாகக் கேட்கலாம்.

அனுப்பும் விதத்தில் ஒரு மாற்றம். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே விரைவுத் தபாலில், டெலிவரி சான்று கேட்டு அனுப்புங்கள். ஆர்டரில் கடிதங்களுக்கென்று முகவரி தனியாக இருந்தால் அதற்கே போக வேண்டும், ஒர்க்‌ஷாப் முகவரிக்கு இல்லை. அன்றைக்கே அதே கடிதத்தை பிடிஎஃப் ஆக்கி, ஆர்டர் பேச்சு நடந்த மெயில் தொடரிலேயே பதிலாக அனுப்புங்கள். புது மெயிலாக அனுப்பினால் பார்க்கவில்லை என்பார்கள்.

மெஷின் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ராத்திரிதான் வரும். டிரைவர் சலானை நீட்டி "ஒரு சைன் போடுங்க சார், நான் திரும்பணும்" என்பார். அந்தச் சலானின் எல்லாப் பிரதியிலும், கையெழுத்துக்கு மேலே பேனாவால் எழுதுங்கள்: "(இன்றைய தேதி) அன்று பெறப்பட்டது. கெடு மே 5. மே 26 கடிதத்தில் கூறிய இழப்பீட்டு உரிமைக்கு உட்பட்டு. பரிசோதனைக்குப் பிறகே ஏற்பு." ஒரு பிரதியைப் படம் பிடித்து அன்றைக்கே அதே மெயில் தொடரில் போடுங்கள். கேட்டில் வேறு ஆள் இருந்தால் அவருக்கு இந்த வாசகத்தை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் சட்டப் பாதுகாப்பில் பாதி அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது.

பாக்கிப் பணத்தில் பிடிக்கும்போது இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சப்ளையர் உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் அவர் பக்கம் பலமாக நிற்கும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. ஆகவே 62,000-ஐச் சாக்காக வைத்து முழுப் பாக்கியையும் நிறுத்தாதீர்கள். இழப்பீட்டை மட்டும் கழித்து, டெபிட் நோட் போட்டு, மீதியை நேரத்தில் அனுப்புங்கள். மெஷினில் குறை இருந்தால் டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் போய்விட வேண்டும். பல்ப்பரில் இது நிஜமான விஷயம்: சல்லடை இடைவெளி, தொட்டியின் வெல்டிங், மணிக்கு எத்தனை டன் அரைக்கிறது என்பதெல்லாம் பழம் போட்டு ஓட்டினால்தான் தெரியும். ஆகவே முதல் வாரத்திலேயே ஓட்டிப் பாருங்கள். டெபிட் நோட்டில் ஜிஎஸ்டி சேர்க்கத் தேவையில்லை. தாமத இழப்பீடு ஒரு சேவைக்கான விலை ஆகாது என்று 3 ஆகஸ்ட் 2022 தேதியிட்ட சுற்றறிக்கையே தெளிவாக்கிவிட்டது.

சில சப்ளையர்கள் முழுப் பணமும் வந்தால்தான் லாரியில் ஏற்றுவோம் என்பார்கள். உங்கள் ஆர்டரில் பாக்கி 60% இன்ஸ்டாலேஷனுக்குப் பிறகுதான் என்று இருப்பதால் அதற்கு இணங்க வேண்டியதில்லை. சீசன் நெருக்கடியில் வேறு வழியில்லாமல் கட்டினால், "மே 26 கடிதத்தின் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறோம்" என்று பணம் அனுப்பும் முன்பே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

ஜூன் 5 தாண்டியும் வரவில்லை என்றால் இரண்டாவது கடிதம் மறுநாளே போக வேண்டும், அரைப்பக்கம் போதும். முதல் கடிதத்தைக் குறிப்பிட்டு, பிரிவு 12-இன்படி ஆர்டர் இன்றோடு ரத்து, 4,96,000 ரூபாயை ஏழு நாளில் இந்தக் கணக்கில் செலுத்தவும் என்று எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். நுகர்வோர் நீதிமன்றத்தை நம்பி இருக்காதீர்கள். வணிக நோக்கில் வாங்கிய மெஷினுக்கு அது பொதுவாகத் திறக்காது. ஒருவர் தன் பிழைப்புக்காகச் சொந்த உழைப்பில் நடத்தும் தொழிலுக்குத்தான் விலக்கு. ஆள் வைத்து ஆலை நடத்துகிற உங்களுக்கு அது கிடைப்பது கஷ்டம். உங்கள் ஆர்டரில் சமரச நடுவர் பிரிவு இல்லை, வழக்கு கிருஷ்ணகிரியில்தான் என்று இருக்கிறது. அது உங்களுக்குச் சாதகம். தொகை 3 லட்சத்துக்கு மேல் என்பதால் வணிக வழக்கு. அவசரத் தடையுத்தரவு கேட்காத பட்சத்தில், வழக்குக்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக மத்தியஸ்தத்துக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும். சட்டம் தரும் காலவரம்பு மூன்று வருஷம், ஆனால் அதுவரை காத்திருக்கக் காரணம் ஏதும் இல்லை.

ரத்துக் கடிதம் போன பிறகு "நாளைக்கே லாரி ஏத்தறோம்" என்று போன் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. உங்களுக்கு மெஷின் இன்னும் தேவை என்றால் மறுக்க வேண்டாம். ஆனால் போனில் சரி என்று சொல்லாமல், ரத்தைத் திரும்பப் பெறுவதாகவும், புதுத் தேதியையும், அதுவரை சேரும் தாமத இழப்பீட்டைக் கழிக்கச் சப்ளையர் சம்மதிப்பதாகவும் ஒரு மெயில் எழுதி, "ஒப்புக்கொள்கிறோம்" என்று அவர்களிடமிருந்து பதில் வந்த பிறகு கேட்டைத் திறங்கள்.